துபாய் அப்பாவின் கடிதமும் பிரிட்டன் மாணவர் விசாவும்

அப்பாவுக்குத் துபாயில் வேலை, மகன் பிரிட்டனில் எம்எஸ்சி படிக்கப் போகிறான் என்றால் வீட்டில் முதலில் ஓடுவது முத்திரைத்தாள் வாங்கத்தான். 'செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன்' என்று எழுதி, நோட்டரி, தூதரக முத்திரை என்று அலைவார்கள். பிரிட்டன் இதையெல்லாம் கேட்பதில்லை. இவன் என் மகன், என் கணக்கில் உள்ள பணத்தை இவன் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்று சொல்லி அப்பா கையெழுத்துப் போட்ட சாதாரணக் கடிதம் போதும். ஆனால் கடிதத்தோடு பிறப்புச் சான்றிதழும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் சரியாக இருக்க வேண்டும், சறுக்குவது அங்கேதான்.

முதலில் பணம். தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28 நாளின் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்ட வேண்டிய மீதி ஃபீஸ் 13,000 பவுண்டு. லண்டனுக்கு வெளியே என்பதால் தங்கும் செலவு மாதம் 1,171 வீதம் 9 மாதத்துக்கு 10,539 (2025 நவம்பரில் வந்த தொகை இது, விண்ணப்பிக்கும்போது மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்). ஆக 23,539 பவுண்டு. ஒரு பவுண்டு 4.9 திர்ஹம் என்று வைத்தால் சுமார் 1,15,340 திர்ஹம். அப்பா கணக்கில் 1,17,000 இருக்கிறது, மே 24-லிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார், சம்பளம் வருவதற்குள் ஜூன் 1-ஆம் தேதியே வழக்கம்போல ஊருக்கு 3,000 அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். ஜூன் 4-இல் சம்பளம் வந்து பழைய அளவுக்கு ஏறினாலும் எண்ணிக்கை அன்றிலிருந்துதான் புதிதாகத் தொடங்கும், ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, மாற்று விகிதம் விண்ணப்பிக்கும் நாளுடையது. அன்றைக்குப் பவுண்டு 5 திர்ஹம் ஆகிவிட்டால் அந்த 1,17,000-மே போதாது. அதனால் சில ஆயிரம் திர்ஹம் கூடுதலாகவே விட்டுவையுங்கள்.

அப்புறம் பெயர். பழைய பிறப்புச் சான்றிதழ் சிலவற்றில் குழந்தை பெயரே இருக்காது, பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் அதை முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். சான்றிதழில் அப்பா பெயர் 'சு. முருகன்', பாஸ்போர்ட்டிலும் பேங்க்கிலும் 'முருகன் சுப்பிரமணியன்' என்று இருந்தால், இன்னாருடைய இனிஷியல் இது என்பது அதிகாரிக்கு எப்படித் தெரியும்? கடிதத்திலேயே இரண்டு பெயரும் ஒருவரே என்று எழுதி, அதைக் காட்டும் ஆவணம் ஒன்றையும் இணையுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை.

சித்தப்பா கணக்கைக் காட்டலாமா என்று கேட்பார்கள். அவர் சட்டப்படி கார்டியனாக இல்லையென்றால் முடியாது. உதவ நினைத்தால் அப்பா கணக்கில் போடச் சொல்லுங்கள், அது வந்து சேர்ந்து தொகை நிறையும் நாளிலிருந்து 28 எண்ணத் தொடங்கலாம்.