செம்பு குளிரும்போது: T³ விதியில் வழுக்கும் இடங்கள்

குளிர்ந்த படிகத்தின் வெப்ப ஏற்புத்திறனுக்கு C = 1944 (T/θ)³ என்ற சூத்திரத்தைத் திடநிலை இயற்பியல் படித்தவர்கள் பார்த்திருப்பார்கள். விடை ஒரு மோல் அணுக்களுக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்று வரும். T என்பது படிகத்தின் வெப்பநிலை. θ என்பது டிபை வெப்பநிலை, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய ஓர் எண். செம்புக்குச் சுமார் 343 கெல்வின். இதில் T = 100 என்று போட்டுப் பாருங்கள். 48 வரும். ஆனால் 1819-இல் தூலாங், பெட்டி என்ற இரு அறிவியலாளர்கள் கண்ட உச்ச அளவே வாயு மாறிலி R-இன் மூன்று மடங்கு, அதாவது 24.9 தான். 100 கெல்வினில் செம்பை அளந்தால் கிடைப்பது ஏறத்தாழ 16.

சூத்திரம் சரி, போட்ட இடம்தான் தவறு. θ-இல் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால்தான் இது நெருங்கி வரும். உண்மையான படிகங்களில் நம்பிப் பயன்படுத்த ஐம்பதில் ஒரு பங்கு வரைகூட இறங்க வேண்டியிருக்கும். செம்புக்கு அது சுமார் 7 கெல்வின். ஏன் அவ்வளவு கீழே என்பது, விதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தெரியும்.

"குளிரில் அணுக்கள் அசையாமல் நின்றுவிடும், அதனால் ஏற்புத்திறன் சுழியாகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. சுழி வெப்பநிலையிலும் அணுக்களுக்குக் குறைந்தபட்ச அலைவு மிச்சம் இருக்கும். வெப்ப ஏற்புத்திறன் என்பது உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதல்ல. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறும்போது கூடுதலாக எவ்வளவு உள்ளே போகிறது என்பது. f அதிர்வெண் உள்ள ஓர் அலைவு ஆற்றலை, பிளாங்க் மாறிலி h-ஆல் பெருக்கிய hf என்ற முழு நோட்டாகத்தான் வாங்கும், சில்லறை வாங்காது. போல்ட்ஸ்மன் மாறிலி k-ஐ வெப்பநிலையால் பெருக்கினால் வரும் kT என்ற கைக்காசு அந்த நோட்டைவிட மிகக் குறைந்தால் எதுவும் உள்ளே போகாது.

இதை 1907-இல் ஐன்ஸ்டீன் சொன்னார். ஆனால் எல்லா அணுக்களும் ஒரே அதிர்வெண்ணில் தனித்தனியாக அலைகின்றன என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் ஏற்புத்திறன் அடுக்குக்குறி வேகத்தில் சரியும். செம்புக்கு ஐன்ஸ்டீன் வெப்பநிலையை 240 கெல்வின் என்று கொண்டு 10 கெல்வினில் கணக்கிட்டால், அளவீட்டில் கிடைப்பதில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான் வருகிறது. "குவாண்டம் என்பதால் T³" என்று ஒரே வரியில் முடிப்பது இதனால்தான் போதாது. குவாண்டம் சரிவை விளக்கும், முப்படியை விளக்காது.

முப்படி 1912-இல் டிபை செய்த எண்ணிக்கையிலிருந்து வருகிறது. படிகத்தில் அணுக்கள் சேர்ந்து ஒலி அலைகளாக அலைகின்றன. அலைநீளம் கூடக் கூட அதிர்வெண் குறையும். ஆகவே எவ்வளவு குளிரிலும் வாங்கக்கூடிய சின்ன நோட்டு சில இருந்துகொண்டே இருக்கும். எத்தனை? முப்பரிமாணத்தில் ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள அலைகளின் எண்ணிக்கை அந்த அதிர்வெண்ணின் முப்படிக்கு நேர்விகிதம். kT வரை உள்ளவை மட்டும் விழித்திருக்கும் என்பதால், 10 கெல்வினில் விழித்திருப்பது (10/343)³, அதாவது நாற்பதாயிரத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் kT அளவு ஆற்றல் வைத்திருக்கிறது, மொத்தம் T⁴. இங்கேயே நின்றுவிட்டு "விதி T⁴ அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஆற்றல். T-ஐப் பொறுத்து வகையிட்டால் T³.

அதிர்வெண்ணும் அலையெண்ணும் நேர்விகிதத்தில் இருக்கும்வரைதான் இந்த எண்ணிக்கை செல்லும். குட்டை அலைகளில் அந்த உறவு வளைந்துவிடும். அவை விழிக்காத அளவுக்குக் குளிர வேண்டும் என்பதால்தான் அந்த 7 கெல்வின்.

சரி, இன்னும் குளிர்ந்தால் விதி இன்னும் சுத்தமாகப் பொருந்தும் என்று நினைப்போம். உலோகத்தில் அங்கேதான் அடுத்த வழுக்கல். எலக்ட்ரான்கள் தம் பங்குக்கு T-க்கு நேர்விகிதமாக ஒன்று சேர்க்கின்றன. செம்பில் 1 கெல்வினில் 0.695 மில்லிஜூல். அணு அலைவின் பங்கு அங்கே வெறும் 0.048. இரண்டும் சமமாவது 3.8 கெல்வினில். மடக்கை வரைபடத்தில் அந்தப் புள்ளியில் சாய்வு சரியாக 2 வரும். அதைப் பார்த்து "இருபரிமாணத் திண்மம்" என்று எழுதிவிடக் கூடாது! C/T-ஐ T²-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும்: வெட்டுத்துண்டு எலக்ட்ரான், சாய்வு அணு அலைவு.

அந்தச் சாய்விலிருந்து θ எடுக்கும்போது மோல் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பில் சிக்கல் இல்லை. உப்பில் ஒரு மோல் NaCl என்றால் இரண்டு மோல் அணுக்கள். இதை மறந்தால் 321 கெல்வின் இருக்க வேண்டிய θ 255 என்று வரும். பார்க்க நம்பும்படியான எண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒலியின் வேகத்திலிருந்து θ-ஐத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும்.