கிரைண்டருக்குள் ஒளிந்திருந்த கச்சான்

மகனுக்குக் கடுமையான கச்சான் ஒவ்வாமை. ஒருநாள் வெறும் தேங்காய்ச் சம்பல் சாப்பிட்டவனுக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. அட்ரினலின் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

திரும்பி வந்ததும் கிரைண்டரைக் கழற்றினேன். முதல்நாள் மாமி அதில் கச்சான் அரைத்திருந்தா. கழுவிய கிண்ணம் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கத்திக்கு அடியிலுள்ள ரப்பர் வளையத்தை நெம்பியதும் மண்ணிறப் பசை வந்தது. அந்த இடுக்குக்குள் சோப்பும் விரலும் போகாது. கொதிநீர் ஊற்றினாலும் ஒவ்வாமை தரும் புரதம் அழியாது.

"பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் வாங்குவம்," என்றா மாமி. சிவப்பு மூடியோடு ஒன்று வாங்கி மேல்தட்டில் வைத்தோம். மர அகப்பையும் அம்மியும் தனிதான். இரண்டின் நுண்துளைக்குள்ளும் எண்ணெய் ஊறிவிடும். இப்போது அவனுடைய சமையல் முதலில். கச்சான் வேலை கடைசியில், அப்புறம் மேசைக்குச் சோப்புத் தண்ணீர்.