துணையின் நேர்மை பற்றிய லெனார்மண்ட் வரிசையில் மேகமும் நரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலன் பார்க்கப் பயன்படும் லெனார்மண்ட் சீட்டுகளை வைத்து, கணவர் தம்மிடம் உண்மையாக இருக்கிறாரா என்று கேட்டு விரித்த ஐந்து சீட்டு வரிசையில் மேகமும் நரியும் சேர்ந்து வந்துவிட்டால், மற்ற மூன்று சீட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பே ‘பொய் சொல்கிறார்’ என்று முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே பொருளுடைய சீட்டுகளாகக் கொள்வதே இங்கு நேரும் பெரிய தவறு. 36 சீட்டுகளில் 6ஆம் சீட்டான மேகம் தெளிவின்மையைக் குறிக்கிறது. அது கணவரின் மனக்குழப்பமாகவும் இருக்கலாம், கேட்பவரின் கண்ணை மறைக்கும் ஐயமாகவும் இருக்கலாம், எவருடைய உள்நோக்கமும் அதில் இருந்தாக வேண்டியதில்லை. 14ஆம் சீட்டான நரியில்தான் தன்னலக் கணக்கும் தந்திரமும் ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்ற எச்சரிக்கையும் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘வீட்டுப் பணம் பற்றி என் கணவர் என்னிடம் உண்மையைச் சொல்கிறாரா?’ என்ற கேள்விக்கு இடமிருந்து வலமாக மேகம், கடிதம், ஆண், நரி, மீன்கள் என்று ஐந்து சீட்டுகள் விழுந்ததாகக் கொள்வோம். நடுச்சீட்டான ஆண் கணவரைக் குறிப்பதால் வரிசையின் மையப் பொருள் அவர்தான். மீன்கள் பணத்தைக் குறிக்கும். கடிதம் எழுத்து வடிவிலுள்ள எதையும், அதாவது ஒரு ரசீதையோ வங்கிக் கணக்கின் அறிக்கையையோ குறிக்கலாம்.

இந்த வரிசையில் நரி ஆணை ஒட்டியே நிற்கிறது. லெனார்மண்ட் சீட்டுகளுடன் வந்த பழைய விளக்கத்தாளே நரி அருகில் இருந்தால் எச்சரிக்கை என்றும், தொலைவில் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆகவே இங்கே நரியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நரிக்கு அடுத்து மீன்கள் நிற்பதால், தந்திரம் பணத்தைப் பற்றியது என்ற அளவில்தான் வாசிப்பு நிற்க வேண்டும். அதை வேறொரு பெண்ணுடனான தொடர்பாக விரித்துச் சொல்ல இந்த வரிசையில் எந்தச் சீட்டும் இடம் தரவில்லை. கேட்பவரின் அச்சம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே பலனும் சாய்ந்துவிடுவது இந்த இடத்தில்தான்.

இப்போது மேகத்தையும் நரியையும் இடம் மாற்றிப் பாருங்கள்: நரி, கடிதம், ஆண், மேகம், மீன்கள். அதே ஐந்து சீட்டுகள்தாம், பொருள் வேறு. ஆணுக்குப் பின் மேகமும் மீன்களும் வருவதால் அவரே தம் வரவுசெலவு புரியாமல் திணறுகிறார் என்றும், நரியை அடுத்துக் கடிதம் நிற்பதால் ஏதோ ஓர் ஆவணத்தில் ஏமாற்று இருக்கிறது என்றும், ஒருவேளை ஏமாற்றப்பட்டவரே அவராக இருக்கலாம் என்றும் வாசிக்க நேரும். இடத்தைக் கணக்கில் கொள்ளாமல் ‘மேகமும் நரியும் வந்தன’ என்று மட்டும் குறித்துவைப்பவருக்கு இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றாகவே தெரியும்.

மேகத்தின் இரு ஓரங்களைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. அந்தப் படத்தில் ஒரு பக்கம் கருமேகமும் மறுபக்கம் வெளிர்மேகமும் வரையப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் கருமை என்பது கட்டுக்குக் கட்டு மாறும். முதல் வரிசையில் மேகம் இடது ஓரத்தில் இருப்பதால், கருமை வலப்பக்கம் இருக்கும் கட்டில் அது கடிதத்தின் மேல் விழுந்து, எழுத்தில் உள்ளதை நம்புவது கடினம் என்றாகும். கருமை இடப்பக்கம் இருக்கும் கட்டிலோ வெளிச்சம் கடிதத்தைத் தொடுகிறது. கணக்கை எடுத்துப் பார்த்தால் குழப்பம் விலகும் என்று சொல்லலாம். பக்கம் பார்ப்பதா வேண்டாமா என்பதைச் சீட்டைக் கலைப்பதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். விழுந்த பிறகு முடிவுசெய்தால் அது பலன் பார்ப்பவரின் விருப்பமாகிவிடும்.

நரியை வேலைச் சீட்டாகக் கொள்ளும் மரபிலும் இதே சிக்கல் வருகிறது. அந்த மரபில் பழகியவர், நேர்மை பற்றிய கேள்வியில் நரி வந்ததும் கேட்பவரின் முகத்தைப் பார்த்து ‘இது அவருடைய வேலையைத்தான் குறிக்கிறது’ என்று தேற்றிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். வேலைக்கு நங்கூரச் சீட்டை வைத்துக்கொண்டு, நரியைத் தந்திரத்துக்கு மட்டும் விட்டுவைப்பது இத்தகைய கேள்விகளுக்கு வசதியானது என்பது என் கருத்து.

பிடிக்காத வரிசையை மூடிவிட்டு அதே கேள்விக்கு உடனே மறுபடி சீட்டு எடுப்பவர்களும் உண்டு. இரண்டாம் முறை நரி வராமல் போனால் முதல் வரிசை பொய்யாகிவிடாது. எதை நம்புவது என்ற புதிய குழப்பம்தான் மிஞ்சும். அதைவிட முதல் வரிசையின் கடிதத்தையும் நரியையும் எடுத்துக்கொள்ளலாம். நடுச்சீட்டின் இருபுறமும் சம தொலைவில் நிற்பதால் அவை கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றையொன்று விளக்கும் இணை. கணவர் பொய் சொல்கிறார் என்பதற்கு அந்த இணை சாட்சியம் ஆகாது. எந்தக் கணக்கை அவருடன் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதைத்தான் அது சுட்டுகிறது.