ஊதிய இடைவெளியைப் பிரிக்கும்போது நேரும் தவறுகள்

இரு குழுக்களின் ஊதிய இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும் இந்த முறை, 1973-இல் பொருளியலாளர்கள் ஓஹாக்காவும் பிளைண்டரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகளால் பரவியது. இரண்டு குழுக்களுக்கும் தனித்தனி ரிக்ரஷன் ஓட்டி, சராசரி ஊதிய வேறுபாட்டை, அனுபவம் போன்ற காரணிகளின் அளவு வேறுபடுவதால் வரும் விளக்கப்பட்ட பகுதி, மீதியான விளக்கப்படாத பகுதி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கணக்கு சுலபம். தவறுவது பெரும்பாலும் அதைப் படிக்கும்போதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. அனுபவம் மட்டுமே காரணி. மடக்கை ஊதியச் சராசரி அ குழுவுக்கு 5.00, ஆ குழுவுக்கு 4.70, இடைவெளி 0.30. (இதை 30 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். அ-வின் ஊதியம் ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம்.) சராசரி அனுபவம் அ-வுக்கு 12 ஆண்டு, ஆ-வுக்கு 8. ஓர் ஆண்டு அனுபவத்துக்கான குணகம் அ-வில் 0.05, ஆ-வில் 0.03. மாறிலி முறையே 4.40, 4.46.

அ-வின் குணகத்தை எடுத்தால் விளக்கப்பட்ட பகுதி 4 × 0.05 = 0.20. ஆ-வின் குணகத்தில் 4 × 0.03 = 0.12. தரவு ஒன்றே, ஆனால் விளக்கப்பட்ட பங்கு ஒன்றில் 67 சதவீதம், மற்றதில் 40. எந்தக் குணகம் என்று சொல்லாமல் ஒரே எண்ணை வெளியிடுவதுதான் முதல் தவறு. இரண்டையும் கொடுங்கள்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க இரு குழுக்களையும் சேர்த்து ஒரே ரிக்ரஷன் ஓட்டுவதுண்டு. அப்போது குழுவைக் குறிக்கும் 0/1 மாறியை விட்டுவிட்டால் வம்பு. இரு சராசரிப் புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு 0.30 ÷ 4 = 0.075; இது இரண்டு குணகங்களையும்விடப் பெரிது. அந்தச் சாய்வு பொதுக் குணகத்தை மேலே இழுக்கும். குழு வேறுபாட்டின் ஒரு பங்கு அனுபவத்தின் கணக்கில் ஏறி, விளக்கப்பட்ட பகுதி வீங்கிவிடும். ஸ்டாட்டா மென்பொருளின் `oaxaca` கட்டளையில் `pooled` அந்த மாறியைச் சேர்க்கும், `omega` சேர்க்காது.

கண்ணில் எளிதில் படாத தவறு இன்னொன்று: விளக்கப்படாத பகுதியைக் காரணி காரணியாகப் பிரிப்பது. அ-வின் குணகப்படி அது 0.10. அதில் அனுபவத்தின் பங்கு 0.02 × 8 = 0.16, மாறிலியின் பங்கு −0.06. இப்போது அனுபவத்தை 8 ஆண்டுக்கு மேல் எத்தனை என்று அளந்து பாருங்கள். அனுபவத்தின் பங்கு 0, மாறிலியின் பங்கு 0.10! மொத்தம் மாறவில்லை, உள்பிரிவு தலைகீழாகிவிட்டது. கல்வித் தகுதி போன்ற வகை மாறிகளில் அடிப்படை வகையை மாற்றினாலும் இதே கதை. அதே `oaxaca` கட்டளையின் `normalize()` அந்தத் தேர்வைச் சார்ந்திருப்பதை நீக்கும். ஆனால் அதுவும் ஒரு மரபுதான், தீர்வன்று.

விளக்கப்படாத பகுதியைப் பாகுபாட்டின் அளவு என்று அப்படியே எழுதுவதும் சரியல்ல. பிழை இரு பக்கமும் போகும். உயர் பதவிக் கதவே ஒரு குழுவுக்கு மூடியிருக்கும்போது பதவியைக் காரணியாகச் சேர்த்தால், பாகுபாடு விளக்கப்பட்ட பகுதிக்குள் ஒளிந்துகொள்ளும். வயதிலிருந்து படிப்பு ஆண்டுகளைக் கழித்து அனுபவத்தைக் கணித்தாலோ, இடையில் வேலையை விட்டவர்களின் அனுபவம் கூடுதலாகத் தெரியும். அவர்கள் குறைந்த ஊதியக் குழுவில் அதிகம் என்றால், விளக்கப்படாத பகுதி இருப்பதைவிடப் பெரிதாக வரும்.