நாடி இறங்கினால் நல்லதுதானா? மாரத்தான் பயிற்சியில் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்கும் முறை

ஜனவரி மாரத்தானுக்காக எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடிப் பழகிய ஒரு பருவத்தில், என் ஓய்வுநிலை நாடித்துடிப்பு நவம்பர் கடைசியில் 48-க்கு இறங்கியது. உடல் தேறிவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்த அதே வாரத்தில்தான், 28 கிலோமீட்டர் ஓட்டத்தின் 22-ஆவது கிலோமீட்டரில், திருவொற்றியூருக்கு அருகே, கன்டெய்னர் லாரிகளின் வரிசையை ஒட்டி நடந்தே வீடு திரும்ப நேர்ந்தது. நாடித்துடிப்பை மட்டும் பார்த்ததுதான் தவறு என்பது, பக்கத்துப் பத்தியில் நானே எழுதி வைத்திருந்த ஹெச்.ஆர்.வி. எண்களை மீண்டும் படித்தபோது விளங்கியது. அந்த இரண்டையும் எப்படி அளப்பது, எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஹெச்.ஆர்.வி. என்பது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு. நிமிடத்திற்கு 50 முறை துடிக்கும் இதயத்தில் சராசரி இடைவெளி 1200 மில்லி விநாடி. ஆனால் ஒவ்வோர் இடைவெளியும் மிகச் சரியாக 1200 ஆக இருப்பதில்லை. உடலை இளைப்பாறச் செய்யும் வேகஸ் நரம்பு நன்றாக இயங்கும்போது இந்த ஏற்ற இறக்கம் கூடுகிறது, உடல் அழுத்தத்தில் இருக்கும்போது குறைகிறது. செயலிகள் பல அளவுகளைக் காட்டினாலும் நமக்கு வேண்டியது `RMSSD` என்ற ஒன்றுதான். ஆப்பிள் வாட்ச் தரும் `SDNN` வேறொரு கணக்கு என்பதால், இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதக் கூடாது.

படி 1: காலை அளவீடு

விழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, தேநீர் குடிப்பதற்கும் கைப்பேசியில் செய்தி பார்ப்பதற்கும் முன்னால், மீண்டும் படுத்து இரண்டு நிமிடம் அமைதியாக இருந்த பிறகு ஒரு நிமிடம் அளக்க வேண்டும். பின்னர் எழுந்து நின்று, அரை நிமிடம் நிலைகொண்ட பிறகு, இன்னொரு நிமிடம் அளக்க வேண்டும். நிற்கும் அளவீட்டை நான் முதல் பருவத்தில் எடுக்கவில்லை. அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன். நீண்ட ஓட்டத்திற்காக அதிகாலை 3:30-க்கு எழும் நாளிலும் இதைத் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் நாள் விட்டு நாள் எடுத்த அளவுகளின் சராசரி எதையும் நம்பும்படி சொல்லாது.

கருவியைப் பொறுத்தவரை, என் தேர்வு மார்புப் பட்டைதான். மணிக்கட்டுக் கடிகாரங்கள் இரவு முழுவதும் அளந்து தரும் சராசரியும் பயன்படக்கூடியதே. ஆனால் அவை எண்ணை மறைத்துவிட்டுப் பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டும் ‘தயார்நிலை மதிப்பெண்’ எனக்கு ஒத்துவருவதில்லை. இரண்டு எண்களையும் தனித்தனியே பார்க்க வேண்டிய இடத்தில், இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுப்பது அந்த மதிப்பெண்.

படி 2: தவறான துடிப்பைக் களைதல்

நான் மூன்று வாரம் தடுமாறிய இடம் இது. ஒரு நாள் 50, மறுநாள் 130 என்று வந்தபோது, முந்தைய நாள் ஓய்வு எடுத்ததன் பலன் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் பட்டையின் உட்புறத்தை நனைக்காமல் கட்டியிருந்தேன். காய்ந்த பட்டை ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிட்டால், ஒரு 1200 மில்லி விநாடி இடைவெளி 500, 700 என்று இரண்டாக உடைகிறது. அடுத்தடுத்த வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து அதன் வர்க்கமூலம் காண்பதே `RMSSD` என்பதால், 50 பக்கமாக வித்தியாசப்படும் ஒரு நிமிடப் பதிவில் இப்படி ஒரே ஒரு துடிப்பு பிசகினாலும் விடை 130-ஐத் தாண்டிவிடும். கூட்டிப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது: 700-இன் வர்க்கம் மட்டுமே 4,90,000.

ஆகவே, பட்டையின் மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். இடைவெளிகளின் வரைபடத்தைக் காட்டி, பிசகிய துடிப்புகளை நீக்கும் வசதி உள்ள செயலியையே பயன்படுத்துங்கள். வரைபடத்தில் ஊசிபோல் ஒரு கோடு இறங்கியிருந்தால் அந்தப் பதிவை விட்டுவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். பட்டை நனைந்திருந்தும் இத்தகைய ஊசிகள் நாள்தோறும் வந்தால், அது கருவியின் பிழையாக இல்லாமல் உண்மையான மிகைத் துடிப்பாகவும் இருக்கலாம். இதய மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

படி 3: உங்கள் எல்லையைக் கணக்கிடுதல்

நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பொருளில்லை. பயிற்சி மிதமாக இருக்கும் நான்கு வாரங்களின் அளவுகளே உங்களுக்கான அளவுகோல். விரிதாளில் `B` பத்தியில் படுத்தபடி அளந்த நாடித்துடிப்பு, `C` பத்தியில் அப்போதைய `RMSSD`, `D` பத்தியில் அதன் மடக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மடக்கை எடுப்பது, ஓரிரு பெரிய எண்கள் சராசரியை இழுத்துச் சென்றுவிடாமல் தடுக்கிறது.

```
D2   =LN(C2)
E8   =AVERAGE(D2:D8)
F8   =AVERAGE(B2:B8)
H2   =AVERAGE(D2:D29)-0.5*STDEV(D2:D29)
H3   =AVERAGE(D2:D29)+0.5*STDEV(D2:D29)
I2   =AVERAGE(B2:B29)-0.5*STDEV(B2:B29)
I3   =AVERAGE(B2:B29)+0.5*STDEV(B2:B29)
```

`E`, `F` பத்திகள் ஏழு நாள் சராசரிகள். அவற்றைக் கீழ்நோக்கி இழுத்து நிரப்பிக்கொள்ளலாம். `H`, `I` பத்திகளில் வருபவை உங்கள் வழக்கமான எல்லைகள். தனி ஒரு நாளின் அளவை இந்த எல்லையோடு ஒப்பிடாதீர்கள். ஏழு நாள் சராசரியை மட்டுமே ஒப்பிட வேண்டும். மழைக்கால இரவொன்றில் மின்சாரம் போய், புழுக்கத்தில் புரண்டு படுத்தாலே மறுநாள் காலை எண் சரிந்துவிடும். ஒரே நாளில் நாடித்துடிப்பு எட்டு, பத்து என்று ஏறினால் மட்டும் அது விதிவிலக்கு: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது பெரும்பாலும் காய்ச்சலின் முன்னறிவிப்பு, அன்று ஓடக் கூடாது.

படி 4: சேர்த்துப் படித்தல்

என் அக்டோபர் அளவுகளின்படி மடக்கையின் எல்லை 3.84 முதல் 4.00 வரை, அதாவது ஏறத்தாழ 47 முதல் 55 மில்லி விநாடி. நாடித்துடிப்பின் எல்லை 49.8 முதல் 52.2 வரை. அதன் பிறகு வாரத்திற்கு 50 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை மூன்றே வாரத்தில் 78-க்கு ஏற்றினேன். போதாக்குறைக்கு வாரம் இரண்டு நாள் வேகப் பயிற்சியும் சேர்த்தேன்.

முதல் வாரத்தில் இரண்டு எண்களும் எல்லைக்குள் இருந்தன. இரண்டாம் வாரத்தில் நாடி 54.5-க்கு ஏறியது, மடக்கை 3.78-க்கு இறங்கியது. நாடி ஏறி ஹெச்.ஆர்.வி. இறங்கும் இந்தக் கூட்டணி எல்லோருக்கும் எளிதாகப் புரிவது; உடல் கூடுதல் சுமையில் இருக்கிறது என்று பொருள். சுமை ஓட்டத்தினாலும் வரலாம், தூக்கமின்மையாலும் நீரிழப்பினாலும் வரலாம். அந்த வாரமே இரண்டு நாள் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையிருந்திருக்காது.

மூன்றாம் வாரத்தில் நாடி 50.5-க்குத் திரும்பியதும், உடல் பழகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். மடக்கையோ 3.70-க்குச் சரிந்திருந்தது. நான்காம் வாரத்தில் நாடி 48, மடக்கை 3.63, அதாவது வழக்கமாக 50-ஐ ஒட்டி இருந்த ஹெச்.ஆர்.வி. 38 ஆகியிருந்தது. நாடியும் ஹெச்.ஆர்.வி.யும் சேர்ந்து இறங்கும் இந்த நிலைதான் ஏமாற்றுவது, ஏனெனில் இதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, களைப்பு மேலும் மேலும் சேர்ந்து, அழுத்தத்திற்கு ஈடுகொடுக்கும் திறனையே உடல் இழந்து வருவது. மற்றொன்று, நல்ல பயிற்சியின் பயனாக வேகஸ் நரம்பின் இயக்கம் உச்சத்தை எட்டி, அதற்கு மேல் ஏற்ற இறக்கத்திற்கு இடமில்லாமல் போவது. இதை நிறைவுநிலை என்று சொல்லலாம். நாடி மிகவும் குறைந்த ஓட்டக்காரர்களிடம் இது இயல்பாகவே காணப்படும்.

பிரித்தறிய இரண்டு வழிகளைப் பயன்படுத்துகிறேன். நிறைவுநிலை என்றால், எழுந்து நின்றதும் அந்த உச்சம் தளர்ந்து, நிற்கும் ஹெச்.ஆர்.வி. அதற்குரிய வழக்கமான எல்லைக்குள் இருக்கும். களைப்பு என்றால் அதுவும் இறங்கியிருக்கும். நிற்கும் அளவுகளை நான் சேர்த்து வைக்காததால் எனக்கு அன்று இந்த வழி அடைபட்டுப் போயிற்று. இரண்டாவது வழி வேகப் பயிற்சியில் கிடைக்கிறது. 1000 மீட்டரை ஆறு முறை ஓடும் பயிற்சியில் என் துடிப்பு வழக்கமாக 172 வரை ஏறும். அந்த வாரம் எவ்வளவு முயன்றும் 163-ஐத் தாண்டவில்லை. வேகமும் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி குறைந்தது, கால்கள் கல்லாகக் கனத்தன. அதே வேகத்தைக் குறைந்த துடிப்பில் சுலபமாக ஓடினால் அது தேர்ச்சி. துடிப்பு ஏற மறுத்து, வேகமும் குறைந்து, முயற்சி மட்டும் கூடினால் அது களைப்பு. வீட்டில் சின்ன விஷயத்திற்கும் எரிந்து விழுந்ததையும், அசதியில் படுத்தும் தூக்கம் வராததையும் பதிவேட்டில் எழுதியிருந்தால் இன்னும் முன்பே பிடிபட்டிருக்கும்.

படி 5: குறைத்துப் பார்த்தல்

வேகப் பயிற்சியை முற்றிலும் நிறுத்தி, அடுத்த வாரம் 25 கிலோமீட்டர் மட்டும், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடினேன். வார முடிவில் நாடி 51-க்கு ஏறியதைக் கண்டு பதறினேன், மடக்கை 3.74-க்கு ஏறியிருந்ததைக் கண்ட பிறகுதான் அது மீட்சி என்று தெரிந்தது. இரண்டாம் வாரம் மடக்கை 3.86 ஆகி எல்லைக்குள் வந்தது. அதன் பிறகே மெல்ல மெல்லக் கிலோமீட்டரைக் கூட்டினேன்.

இரண்டு வாரத்தில் மீண்டதால் எனக்கு வந்தது ஓவர்டிரெயினிங் ஆகாது. அதற்கு முந்தைய படியான ஓவர்ரீச்சிங் மட்டுமே. பல மாதங்கள் ஓய்வெடுத்தும் திறன் திரும்பாத நிலைக்கே ஓவர்டிரெயினிங் என்ற பெயர் பொருந்தும். அதை இந்த எண்களை வைத்து யாரும் உறுதிசெய்ய முடியாது. இரத்தசோகை, தைராய்டு, தொற்று முதலியவை இல்லை என்று பரிசோதித்து விலக்கிய பிறகே மருத்துவர்கள் அந்த முடிவுக்கு வருகிறார்கள். இரண்டு, மூன்று வாரம் குறைத்தும் எண்கள் எல்லைக்குள் திரும்பவில்லை என்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நேரம் அது.

பிற்சேர்க்கை

துறைமுகத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒரு வாசகர், காலை என்பது தமக்கு எப்போது என்று கேட்டிருந்தார். நெடுந்தூக்கம் எப்போது முடிகிறதோ அதுவே அளக்கும் நேரம். ஆனால் பணிமுறை மாறும் முதல் மூன்று நாள் எண்களைத் தனியே குறித்து வைத்துச் சராசரியில் சேர்க்காமல் விடுவதே சரியாக வருகிறது என்று அவரே பின்னர் எழுதினார்.

இன்னொரு வாசகி, மாதந்தோறும் இரண்டு வாரம் தமக்கு நாடி ஏறி ஹெச்.ஆர்.வி. இறங்குவதாகவும், என் கணக்கு ஒவ்வொரு முறையும் அவரை ஓய்வெடுக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தார். கருமுட்டை வெளிப்பட்ட பின் மாதவிடாய் வரையிலான நாட்களில் நாடி சில துடிப்புகள் ஏறுவது இயல்பு. அதைக் களைப்பு என்று கொள்ளக் கூடாது. பெண்கள் நான்கு வார எல்லையைப் பயன்படுத்தாமல், இரண்டு சுழற்சிகளின் பதிவைச் சேர்த்து, சுழற்சியின் முற்பாதிக்கு ஓர் எல்லையும் பிற்பாதிக்கு ஓர் எல்லையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மேலே உள்ள சூத்திரங்களில் `D2:D29`, `B2:B29` என்ற இடங்களில் அந்தந்தப் பாதியின் வரிசைகளைத் தந்தால் போதும்.