தோசைக்கல்லைப் பழக்கும்போது நேரும் தவறுகள்

புதிதாக வாங்கிய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டால் கல் பழகிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். மறுநாள் முதல் தோசை பிய்ந்து வந்ததும் பழி கல்லின்மீது விழுகிறது. இரும்பு எண்ணெயைக் குடிப்பதில்லை. இரவு முழுவதும் வைத்தாலும் எண்ணெய் எண்ணெயாகவே மேலே கிடக்கும், கழுவினால் போய்விடும்.

கல்லைப் பழக்குவது என்பது எண்ணெயைச் சூட்டினால் வேறொரு பொருளாக மாற்றுவது. புகை எழும் அளவுக்குச் சூடு ஏறும்போது, எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு ஒன்றோடொன்று பிணைந்து, வலைபோலப் பின்னிக்கொண்டு, இரும்பைப் பற்றிய கடினமான படலமாகிவிடுகின்றன. ஆளி விதை எண்ணெய் கலந்த வண்ணப்பூச்சு மரத்தில் காய்ந்து இறுகுவதும் இதே வினைதான். அங்கே நாள்கணக்கில் நடப்பது இங்கே அடுப்பில் விரைவாக நடக்கிறது. இப்படிப் பிணைவதற்கு நிறைவுறாக் கொழுப்பு தேவை. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அது மிகுதி. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால், சமையலுக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கல்லைப் பழக்க அது ஏற்றதல்ல.

இதில் அதிகம் பேர் செய்யும் தவறு எண்ணெயைக் கூடுதலாகப் பூசுவது. பூச்சு தடிமனாக இருந்தால் மேற்பரப்பு மட்டும் தோல்போல இறுகி, அடியிலுள்ளது பாதி வெந்த பிசினாக நின்றுவிடும். நானும் என் முதல் கல்லை இப்படித்தான் கெடுத்தேன். ஆறிய பிறகு விரலை வைத்தால் பலாப்பழப் பால் பட்டதுபோல ஒட்டியது. ஓரங்களில் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாகத் திரண்டிருந்தது. மீண்டும் சூடேற்றிப் பார்த்தும் சரியாகாததால், கம்பி நாரால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை, ஆலையில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசியிருந்த எண்ணெயின் மிச்சமும் போகும்படி சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போக்கினேன். கல் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயை இருபுறமும் தடவி, தவறிப்போய்ப் பூசிவிட்டதுபோல் உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்தேன். கண்ணுக்கு எண்ணெயே இல்லை என்று தோன்றும் அந்த மிச்சம்தான் போதுமான அளவு. பிறகு சன்னல்களைத் திறந்துவைத்து, புகை எழுந்து அடங்கும் வரை சூடாக்கி ஆறவிட்டேன். நான்கு முறை இப்படிச் செய்தபின் நடுப்பகுதி கருத்து, கைக்கு வழவழப்பாக, பிசுக்கின்றி வந்தது. ஓரங்கள் மட்டும் பழுப்பாகவே நின்றன. எரிவாயு அடுப்பின் சுடர் நடுவில்தான் அடிக்கிறது என்பதை நினைக்காமல் விட்டிருந்தேன். கல்லை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு ஓரத்தையும் சுடரின்மேல் காட்டிய பின்பே அவையும் கருத்தன.

கழுநீரில் சில நாள் ஊறவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கல்லின் அழுக்கை இளக்கும், படலத்தை உண்டாக்காது. ஊறவைத்து எடுத்த கல்லை உடனே உலர்த்தாவிட்டால் கண்முன்னே செம்மை படரும்.

நன்றாகப் பழகிய கல்லும் ஏன் துருப்பிடிக்கிறது என்பதே பலரைக் குழப்பும் கேள்வி. படலம் மிகமிக மெல்லியது. அதில் நுண்ணிய துளைகளும், தோசைத்திருப்பி கீறிய கோடுகளும் இருக்கும். அவற்றின் வழியே நீரும் ஆக்சிஜனும் இரும்பைத் தொட்டால் துரு தொடங்கிவிடும். தொடங்கிய துரு பருத்து, அருகிலுள்ள படலத்தையும் தூக்கிவிடும். உப்பு சேர்ந்தால் இது விரைவுபடும். புளிப்பு படலத்தையே அரிக்கும். புளித்த மாவு ஒட்டிய கல்லை, காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று தண்ணீர் ஊற்றி வைப்பதில் நீர், உப்பு, புளிப்பு மூன்றும் ஒன்றுகூடுகின்றன. இதைவிட மோசமான ஒன்றைக் கல்லுக்குச் செய்ய முடியாது.

சோப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பாத்திரம் துலக்கும் சாதாரணத் திரவம் தளர்ந்த எண்ணெயைத்தான் கரைக்கும், பிணைந்த படலத்தைக் கரைக்காது. கழுவிய பிறகு கல்லைத் தண்ணீர் வடியச் சாய்த்துவைப்பதுதான் கெடுதல், ஏனெனில் ஈரம் கீழ் விளிம்பில் தங்கி அங்கே பிறைபோலத் துரு பிடிக்கும். துணியால் துடைத்து, ஓரிரு நிமிடம் அடுப்பில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வைக்கலாம்.

கல் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணியில் கருமை ஒட்டினால் அது பெரும்பாலும் கரிந்த உணவின் துகளே. கழுவி உலர்த்தினால் போதும். செம்மை ஒட்டினால் அது துரு. அந்த இடத்தை மட்டும் கம்பி நாரால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, மெல்லிய பூச்சு இரண்டு மூன்று முறை கொடுத்துச் சூடாக்க வேண்டும்.