கம்பி ஆய்வுக்குக் கான்ட்ராக்டருக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் கான்ட்ராக்டர்களுக்கு எழுதும் கடிதங்களின் நகல் எனக்கும் வரும். கான்கிரீட் போடுவதற்கு முன் தளத்தின் கம்பியைப் பார்க்க நாள் குறிக்கும் கடிதங்கள்தான் அவற்றில் அதிகம். எழுதும் ஆள் மாறினாலும் கடிதம் மாறுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதியவையும் இதே ரகம்தான் என்பதால் யாரையும் திட்ட வாய் வருவதில்லை. பெயர் தப்பாகப் போவது, இணைப்பை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் அவை சரியாகிவிடும். பட்டும் சரியாகாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

"அனைத்தையும் தயாராக வைக்கவும்"

இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு இளைஞர் எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "வியாழக்கிழமை முதல் மாடிக் கூரைத் தளத்தின் கம்பிகளைப் பார்வையிட வருகிறோம். அனைத்தையும் தயாராக வைக்கவும். சம்பந்தப்பட்டவர்கள் உடனிருக்கவும்." இலக்கணப்படி குறையில்லை. மரியாதையும் இருக்கிறது. ஆனால் எது தயார், எதற்குத் தயார் என்று ஒரு சொல்கூட இல்லை.

வியாழக்கிழமை நாங்கள் போனபோது கான்கிரீட் பம்ப்பின் குழாய்களைத் தளத்தின் கம்பிமேல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ரெடிமிக்ஸ் லாரி கிளம்பிவிட்டது என்றார் சூப்பர்வைசர். பீம்களின் பக்கப் பலகைகளை எல்லாம் அடைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதனால் வளையங்களுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் இருக்கிறதா என்று மேலிருந்து எட்டித்தான் பார்க்க முடிந்தது. கம்பி கட்டியவர்கள் முந்தின நாளே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது பால்கனி. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் பளுவைத் தாங்குவது மேல் கம்பி. குழாய் இழுத்தவர்கள் அதன்மேல் நடந்து நடந்து அது பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. கீழே அதைத் தாங்கும் சேர் கம்பிகளும் போதவில்லை. பார்த்தால் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. தளத்தின் கனம் 125 மி.மீ., மேலே கம்பியை மூடும் கான்கிரீட்டான கவர் 20 மி.மீ., கம்பி 10 மி.மீ. என்றால், தளத்தின் அடியிலிருந்து கம்பியின் நடுவுக்கு 100 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். கம்பி 30 மி.மீ. இறங்கினால் மிஞ்சுவது 70. தளத்தின் தாங்கும் திறனும் ஏறக்குறைய அதே விகிதத்தில், அதாவது சுமார் முப்பது சதவீதம், குறைந்துவிடும். கான்கிரீட் மூடிய பிறகு இது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முடியாது என்று சொல்லிவிட்டார். லாரியில் கலந்து வரும் கான்கிரீட் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குமேல் காத்திருக்காது. வந்த லாரி திரும்பிப் போனது. பம்ப் வாடகை, வீணான கான்கிரீட், வேலையில்லாமல் நின்ற ஆட்களின் கூலி எல்லாம் யார் கணக்கு என்ற சண்டை கடைசி பில் வரைக்கும் இழுத்தது. கான்ட்ராக்டர் சொன்ன பதில் ஒன்றுதான்: "தயாராக இருக்கச் சொன்னீர்கள், கான்கிரீட் போடவே தயாராக இருந்தேன்." அவர் சொன்னதில் தப்பு இல்லை. கடிதத்தில் வேறு எதுவும் எழுதியிருக்கவில்லையே! அலுவலகத்தில் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அதில்தான்.

சரி, எப்படி எழுதுவது? "தயார்" என்ற சொல்லையே விட்டுவிட்டு, நாம் போய் நிற்கும் நேரத்தில் வேலை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். எது முடிந்திருக்க வேண்டும், எது மூடாமல் இருக்க வேண்டும், எதைத் தொடங்கவே கூடாது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். முதலாவதைப் பெரும்பாலும் எழுதிவிடுவார்கள். மூடாமல் இருக்க வேண்டியதைத்தான் விட்டுவிடுவார்கள். பீமின் ஒரு பக்கப் பலகை திறந்திருக்கட்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால், அன்று கவரை அளவுகோல் வைத்தே பார்த்திருக்கலாம்.

மூன்றாவது கான்கிரீட் ஆர்டர். எழுத்தில் அனுமதி வரும்வரை லாரிக்குச் சொல்லக்கூடாது என்று கடிதத்தில் இருக்க வேண்டும். ஆய்வும் கான்கிரீட்டும் ஒரே நாளில் வந்தால் அது ஆய்வே இல்லை. லாரி வாசலில் நிற்கும்போது குறையைச் சுட்டிக்காட்ட எல்லோருக்கும் தைரியம் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வேலை நாளாவது விடுங்கள்.

"சம்பந்தப்பட்டவர்கள்"

அப்படி ஒருவர் எந்த சைட்டிலும் கிடையாது. யார் வர வேண்டும் என்று பெயரும் பொறுப்பும் போட்டு எழுத வேண்டும், எதற்காக வர வேண்டும் என்பதோடு. கான்ட்ராக்டர் தரப்பில் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும். "முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லக்கூடிய சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு ஒன்றும் நகராது. கம்பி கட்டும் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும், கையில் கட்டுக்கம்பி, கவர் பிளாக், உதிரிக் கம்பியோடு இருந்தால் பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். எலெக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் மறக்காதீர்கள். பீம் வழியாகப் போகும் குழாய்க்கு ஸ்லீவ் எங்கே என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வராவிட்டால் பிறகு பீமைத் துளைத்துக்கொண்டு நிற்பார்கள்.

நம் தரப்பையும் எழுத வேண்டும். முக்கியமாக, அங்கே உத்தரவு கொடுப்பவர் யார் என்பதை. வீட்டுக்காரர், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் மூவரும் ஆளுக்கொன்று சொன்னால் மேஸ்திரி தனக்கு எளிதானதைக் கேட்டுக்கொள்வார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எந்த வரைபடம் என்று சொல்லாதது

திருத்த எண்ணைப் போடுங்கள். சைட்டில் ஒட்டியிருப்பது பழையதாகத்தான் இருக்கும்.

தேதி மட்டும், நேரம் இல்லை

மாலை ஐந்தரைக்கு, வெளிச்சமில்லாத தளத்தில் நின்றுகொண்டு கம்பி இடைவெளி அளந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலை முடியாவிட்டால் என்ன என்று எழுதாதது

கம்பி வேலை சொன்ன நாளில் முடியாமல் போவது சாதாரணம். அதைக் கான்ட்ராக்டர் எப்போதைக்குள் சொல்ல வேண்டும் என்று நாம் எழுதாவிட்டால், நான்கு பேர் போய் இறங்கிய பிறகுதான் சொல்வார். முந்தின நாள் மாலைக்குள் உறுதி செய்யச் சொல்லுங்கள். பேசி முடிவானால் அதையும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

இதையெல்லாம் வைத்து, நான் இப்போது அனுப்பும் கடிதம் இப்படி இருக்கும். திங்கட்கிழமை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்.

*பொருள்: முதல் மாடிக் கூரைத் தளம் – கான்கிரீட்டுக்கு முந்தைய கம்பி ஆய்வு, வியாழன் காலை 9 மணி*

*வணக்கம். முதல் மாடிக் கூரைத் தளம், பீம்கள், பால்கனி ஆகியவற்றின் கம்பி வேலையை வியாழக்கிழமை காலை 9 மணிக்கு ஆய்வு செய்ய வருகிறோம். கம்பி வரைபடம் திருத்தம் 3-இன்படி பார்ப்போம். அதன் நகல் ஒன்று சைட்டில் இருக்கட்டும்.*

*எங்கள் தரப்பில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் நானும் வருகிறோம். வீட்டு உரிமையாளரும் பார்க்க வருவார். திருத்தங்களை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மட்டுமே சொல்வார். உங்கள் தரப்பில் நீங்களோ, உங்கள் சார்பில் முடிவெடுக்கக்கூடிய சைட் இன்ஜினியரோ இருக்க வேண்டும். கம்பி மேஸ்திரி இரண்டு ஆட்களுடனும், சென்ட்ரிங் மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரும் இருக்க வேண்டும். வருபவர்களின் பெயர்களைப் புதன்கிழமைக்குள் தெரிவிக்கவும்.*

*9 மணிக்குள் முடிந்திருக்க வேண்டியவை: தளம், பீம் கம்பிகள் முழுவதும்; கவர் பிளாக்குகளும் சேர் கம்பிகளும்; மின்குழாய்களும் ஸ்லீவ்களும். கட்டுக்கம்பித் துண்டுகளையும் மரத்தூளையும் அகற்றியிருக்க வேண்டும். கட்டி நிறுத்திய ஏணியும், கம்பியை மிதிக்காமல் நடக்கப் பலகைகளும் வேண்டும்.*

*எல்லா பீம்களிலும் ஒரு பக்கப் பலகையை ஆய்வு முடியும்வரை அடைக்க வேண்டாம். பம்ப் குழாய்களைக் கம்பிமேல் வைக்க வேண்டாம்.*

*திருத்தங்களின் பட்டியலை அன்று மாலைக்குள் அனுப்புகிறோம். வெள்ளி மாலை 4 மணிக்கு மறுபடி பார்த்து, பலகை அடைத்த பிறகு, எழுத்தில் அனுமதி தருவோம். அதற்கு முன் கான்கிரீட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் கான்கிரீட் திங்கட்கிழமை காலை. வேலை முடியாது என்று தெரிந்தால் புதன் மாலை 4 மணிக்குள் சொல்லவும். வேறு நாள் குறித்துக்கொள்வோம்.*

நீளமாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். கான்ட்ராக்டர் இதை அப்படியே மேஸ்திரிக்குப் படித்துக்காட்டலாம், அவருக்கு அதில் புரியாத வரி எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நாம் என்ன செய்வோம், எப்போதைக்குள் செய்வோம் என்பதும் இதில் இருக்கிறது. நம் பட்டியல் அன்று மாலை போகாவிட்டால் தாமதம் நம்முடையது. அதை எழுதத் தயங்குகிறவர்கள் கான்ட்ராக்டரிடம் நேரம் கேட்கக்கூடாது.

"சரி" என்று வாயால் சொல்லிவிட்டு வருவது

படியிறங்கும்போது தலையாட்டினாலும் அனுமதிதான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அனுமதிக்குக் காலக்கெடு இல்லாதது

வெள்ளிக்கிழமை அனுமதி கொடுத்தாயிற்று. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, கான்கிரீட் பத்து நாள் தள்ளிப்போனது. அதற்குள் எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு குழாயை நுழைக்க இரண்டு கம்பிகளைத் தள்ளிவைத்திருப்பார். பால்கனிக் கம்பியை மறுபடி யாராவது மிதித்திருப்பார்கள். பலகை ஊறி வளைந்திருக்கும், பீமின் அடியில் சேறு சேர்ந்திருக்கும். பழைய அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு கான்கிரீட் போட்டுவிட்டால் கேட்க முடியாது. அதனால் அனுமதிக் கடிதத்தில் எந்த நாள் கான்கிரீட்டுக்கு அது பொருந்தும் என்று எழுதிவிட்டு, அந்த நாள் தள்ளிப்போனாலோ நடுவில் கம்பியை யாராவது தொட்டாலோ மறுபடி கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது முறை பார்க்க அதிக நேரம் ஆகாது, பீமின் அடி, பால்கனி, பலகை, நடுவில் யாராவது தொட்ட இடங்கள் ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.